தேர்வு முடிவுகளையும் ரேங்குகளையும் நேர்மையாக விளம்பரம் செய்வது: டியூஷன் ஆசிரியர்களும் கோச்சிங் சென்டர்களும் கேட்கும் கேள்விகள்

கடைசிவரை படித்த 48 பேரில் 45 பேர் தேர்ச்சி. 94 சதவீதம் என்று நோட்டீஸில் போடலாம்தானே?

அந்த 48 எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. தேர்ச்சி பெற்ற 45 பேரைப் பற்றி யாரும் சந்தேகப்படப் போவதில்லை. அவர்களுடைய மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கும். சிக்கல் எப்போதும் கீழே இருக்கும் எண்ணில்தான், அதாவது எத்தனை பேரில் 45 என்பதில்தான் இருக்கிறது. எனவே சேர்க்கைப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்து வைத்து, ஒவ்வொரு பெயரும் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். ஆண்டின் தொடக்கத்தில் 60 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்துக்குள்ளேயே 4 பேர் நின்றுவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் இன்னும் 3 பேர் இடையில் விலகினார்கள். மீதி 53 பேரில் 3 பேர் இறுதித் தேர்வை எழுதவே இல்லை. எழுதிய 50 பேரில் 2 பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, முடிவு தெரியாது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால்தான் 48 கிடைக்கிறது. ஒவ்வொரு கழித்தலுக்கும் ஒரு காரணம் சொல்லலாம், ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகவும் தோன்றும். ஆனால் எல்லாக் கழித்தலும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன: கழிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறிய மாணவர்கள்.

முதல் மாதத்துக்குள் நின்ற 4 பேரை விடுவதில் தவறில்லை. மூன்று வாரம் வந்து போனவரின் தேர்ச்சியும் தோல்வியும் உங்களைச் சேர்ந்தவை அல்ல. அரையாண்டுக்குப் பின் விலகிய மூவர் அப்படி இல்லை. அவர்கள் பாதி ஆண்டுக்கு மேல் உங்களிடம் படித்தவர்கள். அவர்களையும் விசாரித்ததில் மூவரும் தேர்வெழுதியிருக்கிறார்கள், இருவர் தேர்ச்சி, ஒருவர் தோல்வி என்று தெரிகிறது என்று வைப்போம். இப்போது கணக்கு இப்படி மாறுகிறது: கணக்கில் வர வேண்டியவர்கள் 56 பேர், தேர்வெழுதியவர்கள் 53 பேர், தேர்ச்சி 47, தோல்வி 4, முடிவு தெரியாதவர்கள் 2. தேர்ச்சி சதவீதம் 89. முடிவு தெரியாத இருவரும் தேர்ச்சி பெற்றிருந்தால்கூட 53-இல் 49, அதாவது 92 சதவீதம்தான். 94 என்ற எண் இந்தப் பதிவேட்டிலிருந்து எந்த வழியில் போனாலும் வராது. 45-உம் 48-உம் உண்மையான எண்களாக இருந்தும், அவற்றைக் கொண்டு போட்ட சதவீதம் படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டு போகிறது.

நோட்டீஸில் நான் எழுதச் சொல்வது இது: "எங்களிடம் இரண்டு மாதங்களுக்கு மேல் படித்த 56 பேரில் 53 பேர் தேர்வெழுதினர், 47 பேர் தேர்ச்சி பெற்றனர், இருவரின் முடிவு எங்களுக்குத் தெரியவில்லை." மூன்று வரி இடம் போதும்.

அந்த "இரண்டு மாதம்" என்பதை யார் முடிவு செய்வது?

நீங்களே முடிவு செய்யலாம், ஆனால் வகுப்பு தொடங்கும் முன் முடிவு செய்து, தேதியிட்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு இந்த வரம்பை வகுத்தால், யாரைச் சேர்த்தால் எண் உயரும், யாரை விட்டால் உயரும் என்பது அதற்குள் தெரிந்திருக்கும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நிலையில் கை ஒரு பக்கமாகவே போகும்.

வரம்பு மிக நீளமாகவும் இருக்கக் கூடாது. "ஒன்பது மாதமும் முழுமையாக வந்தவர்கள்" என்று வைத்தால், இடையில் விலகிய எல்லோரும் தானாகவே கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள். ஓராண்டு வகுப்புக்கு ஒன்று முதல் இரண்டு மாதம் பொருத்தமான வரம்பு. மூன்று மாத வகுப்பு என்றால் இரண்டு வாரம் போதும். வருகை குறைவாக இருந்தவர்களை விலக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். வருகை குறைவதற்கும் பாடம் புரியாமல் போவதற்கும் உள்ள தொடர்பு எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததே.

தேர்வெழுதாத மூவரை ஏன் எழுதவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நோயால் எழுதாதவர் ஒரு வகை. "இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த முறை எழுதலாம்" என்று உங்கள் சென்டரே சொல்லி நிறுத்தியிருந்தால், அவர் விளம்பரத்தில் தேர்வெழுதாதவர் என்ற எண்ணிக்கையில் கட்டாயம் தெரிய வேண்டும்.

எங்களிடம் மொத்தமே 12 பேர். அவர்களுக்கும் சதவீதம் போடலாமா?

போட வேண்டாம். 12-இல் 11 பேர் தேர்ச்சி என்றால் 92 சதவீதம். அடுத்த ஆண்டு 10 பேர் என்றால் 83 சதவீதம். பார்ப்பவருக்குத் தரம் சரிந்துவிட்டது போலத் தோன்றும், நடந்ததோ ஒரே ஒரு மாணவரின் முடிவு மாறியதுதான். "12 பேரில் 11 பேர்" என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள். ஐம்பது பேருக்குக் குறைவாக இருக்கும்வரை இதுவே நல்லது. சில ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்ல விரும்பினால், தொடர்ச்சியான ஆண்டுகள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். நடுவில் சறுக்கிய ஆண்டைத் தாண்டிப் போகக் கூடாது.

ஒரு மாதம் மட்டும் டெஸ்ட் சீரிஸுக்கு வந்த மாணவி முதல் பத்து ரேங்குக்குள் வந்திருக்கிறார். "எங்கள் மாணவி" என்று சொல்லிக்கொள்ளலாமா?

சொல்லலாம், எதில் உங்கள் மாணவி என்பதையும் அதே மூச்சில் சொன்னால். படமும் ரேங்கும் மட்டும் போட்டால், ஆண்டு முழுவதும் உங்கள் முழுநேர வகுப்பில் படித்தவர் என்றுதான் எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். அந்த நினைப்பில்தான் முழுநேர வகுப்பின் கட்டணத்தையும் கட்டுவார்கள். டெஸ்ட் சீரிஸைக் காட்டி முழு வகுப்பை விற்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பரவலாக நடக்கும் ஏமாற்று.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியக் குடிமைப் பணித் தேர்வு. அதில் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல் என மூன்று கட்டங்கள் உண்டு. இறுதி ரேங்குக்கு எடுத்துக்கொள்ளும் 2025 மதிப்பெண்ணில் முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்காணலுக்கு 275. முதல்நிலைத் தேர்வின் மதிப்பெண் ரேங்கில் சேராது என்றாலும், போட்டியாளர்களில் மிகப் பெரும்பாலோர் வடிகட்டப்படுவது அங்கேதான். நேர்காணலுக்கு அழைக்கப்பட்ட ஒருவர் இந்த இரண்டு கட்டங்களையும் ஏற்கெனவே கடந்துவிட்டவர். அவர் ஒரு நிறுவனம் இலவசமாக நடத்தும் மாதிரி நேர்காணலில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். முடிவு வந்ததும் அவருடைய படம் அந்த நிறுவனத்தின் பல மாத வகுப்புக்கான விளம்பரத்தில் வருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தபோது திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். எடுத்த பாடத்தை மறைத்து ரேங்கை மட்டும் காட்டியதே குற்றமாகக் கருதப்பட்டது. ரேங்க் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனவே படத்தின் கீழே நான்கு செய்திகள் இருக்கட்டும்: பெயர், ரேங்க், உங்களிடம் எடுத்த வகுப்பின் பெயரும் காலமும், கட்டணம் செலுத்திப் படித்தாரா இலவசமாகவா என்பது. "டெஸ்ட் சீரிஸ் மட்டும், ஒரு மாதம்" என்று எழுதியபின் அந்தப் படம் டெஸ்ட் சீரிஸுக்கான விளம்பரத்தில் இருப்பதே பொருத்தம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். முழுநேர வகுப்பின் நோட்டீஸில் அது ஒட்டாது. ஏற்கெனவே முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கும் மாணவரை, பேனரில் பெயர் வருவதற்காகவே கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. அவரும் உண்மையிலேயே உங்கள் மாணவர்தான். ஆனால் இலவசமாகச் சேர்க்கப்பட்டவர் என்ற செய்தி இல்லாமல் அவருடைய ரேங்கைக் காட்டினால், கட்டணம் கட்டும் பிள்ளைக்கும் அது நடக்கும் என்று சொல்வதாகிவிடும்.

அதே மாணவி இன்னொரு சென்டரின் பேனரிலும் சிரிக்கிறார். யார் சொல்வது உண்மை?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஓரிடத்தில் முழு வகுப்பு, இன்னோரிடத்தில் டெஸ்ட் சீரிஸ், மூன்றாவது இடத்தில் ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷன் என்று படிப்பவர்கள் நிறைய. வகுப்பின் பெயரை எல்லோரும் குறிப்பிட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஒரு பாடத்துக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மொத்த மதிப்பெண்ணைத் தன் விளம்பரத்தில் போடக் கூடாது. தன் பாடத்தின் மதிப்பெண்ணை மட்டும் போட வேண்டும். கணக்கில் சென்டம் வாங்கியதைக் கணக்கு ஆசிரியர் சொல்லிக்கொள்வது முழு நியாயம். மொத்தத்தில் அந்த மாணவி பெற்ற முதலிடத்தில் மற்றப் பாட ஆசிரியர்களின் உழைப்பும் இருக்கிறது.

ரேங்கையும் பர்சன்டைலையும் எப்படி எழுதினால் தவறாகப் புரியாது?

ரேங்க் என்றால் எந்தத் தேர்வில், எந்த ஆண்டில், எந்தப் பட்டியலில் என்ற மூன்றும் கூடவே வர வேண்டும். பொதுப் பட்டியலின் ரேங்கும் ஒரு பிரிவுக்குள்ளான ரேங்கும் வெவ்வேறு எண்கள். இரண்டில் சிறியது எதுவோ அதை மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, எந்தப் பட்டியல் என்பதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் சென்டர் நடத்திய மாதிரித் தேர்வில் வந்த ரேங்கை உண்மைத் தேர்வின் ரேங்குக்குப் பக்கத்தில் வைப்பதும் அதே வகைதான்.

"முதலிடம்" என்ற சொல்லுக்கு இன்னும் கவனம் தேவை. தேர்வை நடத்தும் அமைப்பு தானே வெளியிட்ட தரவரிசை இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு ஆதாரம் உண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளுக்கு 2017 முதல் அரசு முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு "மாநில முதலிடம்" என்று எழுதுபவர், தனக்குத் தெரிந்த மதிப்பெண்களை ஒப்பிட்டுத் தானே பட்டம் சூட்டுகிறார். மதிப்பெண்ணை அப்படியே போடுவதுதான் சரி. 600-க்கு 594 என்பது யாரும் மறுக்க முடியாத செய்தி.

பர்சன்டைலைச் சதவீதம் என்று எண்ணிக்கொள்ளும் பெற்றோர் ஏராளம். 98 பர்சன்டைல் என்றால் 100-க்கு 98 மதிப்பெண் என்று பொருளில்லை. தேர்வெழுதியவர்களில் ஏறத்தாழ 98 சதவீதத்தினர் அந்த மாணவருக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பொருள். பத்து லட்சம் பேர் எழுதிய தேர்வில் 98 பர்சன்டைல் பெற்றவருக்கு மேலே சுமார் 20,000 பேர் இருப்பார்கள். சேர விரும்பும் கல்லூரிகளில் மொத்தம் 5,000 இடங்கள்தான் என்றால் அந்த 98-ஐக் காட்டி நம்பிக்கை கொடுப்பது கொடுமை. பர்சன்டைலைப் போடும் இடத்தில் "98 சதவீதம்" என்று எழுதுவதும், சதவீதக் குறியைப் போடுவதும் கூடாது. ரேங்க் தெரிந்திருந்தால் பர்சன்டைலுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதிவிடுங்கள்.

உயர்ந்த மதிப்பெண் பெற்ற பத்துப் பேரை மட்டும் போட்டால் அது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் மொத்தம் எத்தனை பேர் என்பது இல்லாவிட்டால் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. 2,000 பேர் படிக்கும் நிறுவனத்தில் பத்துப் பேர் சிறப்பாக வருவதற்கும், 40 பேர் படிக்கும் இடத்தில் பத்துப் பேர் வருவதற்கும் இடையில் எவ்வளவு தூரம்! பத்துப் பேரின் படங்களுக்கு மேல் "தேர்வெழுதிய 2,000 பேரில்" என்று ஒரு வரி சேருங்கள். கூடவே நடுமதிப்பெண்ணையும் தாருங்கள்: எல்லோருடைய மதிப்பெண்களையும் வரிசையாக அடுக்கினால் சரியாக நடுவில் நிற்பவரின் மதிப்பெண் அது. தன் பிள்ளை சராசரியாகப் படிப்பவன் என்று தெரிந்த ஒரு தந்தைக்குப் பத்துப் படங்களையும்விட அந்த ஓர் எண் அதிகம் பயன்படும்.

எங்களிடம் வந்தபின் மதிப்பெண் உயர்ந்ததைக் காட்டுகிறோம். ஒரு மாணவர் 34-இலிருந்து 78-க்கு வந்தார். இதைவிட நேர்மையான விளம்பரம் உண்டா?

உயர்வைக் காட்டும் எண்ணம் நல்லது, முதல் ரேங்கைக் காட்டுவதைவிட மேலானது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் இதில் இரண்டு இடங்களில் சறுக்கல் நேர்கிறது.

முதலாவது, அந்த ஒருவர் மட்டும் தெரிவது. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் 15 பேர் சேர்ந்தார்கள் என்று வைப்போம். இறுதித் தேர்வில் 11 பேருக்கு மதிப்பெண் உயர்ந்தது, 2 பேருக்கு அப்படியே இருந்தது, 2 பேருக்குக் குறைந்தது. நடுவில் நிற்கும் மாணவரின் உயர்வு 9 மதிப்பெண். 44 மதிப்பெண் உயர்ந்தவர் அந்த 15 பேரில் ஒருவர். அவரை மட்டும் காட்டினால், 9 எதிர்பார்க்க வேண்டிய பெற்றோர் 44-ஐ எதிர்பார்த்து வருவார். பதினைந்து பேரின் கதையையும் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியும்: "அரையாண்டுக்குப் பின் சேர்ந்த 15 பேரில் 11 பேரின் மதிப்பெண் உயர்ந்தது. நடுவிலுள்ள மாணவரின் உயர்வு 9."

இரண்டாவது சறுக்கல் அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பும் முடிவு பெரும்பாலும் ஒரு மோசமான மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் எடுக்கப்படுகிறது. எந்தத் தேர்வு மதிப்பெண்ணிலும் மாணவரின் அறிவோடு அன்றைய உடல்நிலை, வந்த கேள்விகள், நேரம் போதாமை போன்றவையும் கலந்திருக்கும். மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தில், அன்று எல்லாம் எதிராக அமைந்துவிட்ட பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பார்கள். அடுத்த தேர்வில் அவர்களில் பலர் டியூஷன் இல்லாமலே தங்கள் இயல்பான மதிப்பெண்ணுக்குத் திரும்பியிருப்பார்கள். மேலே சொன்ன 9 மதிப்பெண் உயர்விலும் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். எவ்வளவு பங்கு என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் டியூஷனுக்கு வராத அதே நிலை மாணவர்களின் மதிப்பெண் உங்களிடம் இல்லை.

இதனால் உயர்வைச் சொல்லவே கூடாது என்றில்லை. ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல், சேருவதற்கு முந்தைய இரண்டு மூன்று தேர்வுகளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். தற்செயலாக வந்த குறைவின் பாதிப்பு பெருமளவு மட்டுப்படும். பள்ளித் தேர்வோடு பள்ளித் தேர்வையே ஒப்பிடுங்கள். உங்கள் சென்டர் கடினமாகத் தயாரித்த சேர்க்கைத் தேர்வில் 30 வாங்க வைத்துவிட்டு, பொதுத்தேர்வில் வாங்கிய 80-ஐப் பக்கத்தில் வைத்தால், அந்த இடைவெளி முழுக்க நீங்களே உருவாக்கியது. "மதிப்பெண் உயர்ந்தது" என்று எழுதலாம். "நாங்கள் உயர்த்தினோம்" என்று எழுத ஆதாரம் போதாது.

நுழைவுத் தேர்வு வைத்துத்தான் சேர்க்கிறோம். அதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டுமா?

ஆம். 300 பேர் விண்ணப்பித்து 40 பேரை மட்டும் எடுத்தீர்கள் என்றால், அந்த 40 பேரின் முடிவில் உங்கள் தேர்வுமுறைக்கும் பெரிய பங்கு உண்டு. "நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கப்பட்ட 40 பேரில்" என்று எழுதிவிட்டால் போதும். ஆண்டின் நடுவில் நன்றாகப் படிப்பவர்களைத் தனிப் பிரிவாக்கிச் சிறப்பு ஆசிரியர்களை நியமிப்பவர்கள், அந்தப் பிரிவின் முடிவைப் பொதுப் பிரிவில் சேர வருபவரிடம் காட்டவே கூடாது. எந்தப் பிரிவுக்கு ஆள் சேர்க்கிறீர்களோ அந்தப் பிரிவின் முடிவைக் காட்டுங்கள்.

நட்சத்திரக் குறி போட்டு அடியில் விளக்கம் தருகிறோமே, அது போதாதா?

அந்த விளக்கத்தைப் படிக்காதவர் மனத்தில் என்ன பதிகிறது என்பதை வைத்துத்தான் விளம்பரத்தை மதிப்பிட வேண்டும். "95 சதவீதத் தேர்ச்சி" என்பது சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகிறது. "ஒரு பிரிவுக்கு மட்டும்" என்பது பேனருக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரிகிறது என்றால், விளக்கம் எழுதப்படவில்லை என்றே பொருள். இந்தியாவில் 2024 நவம்பரில் கோச்சிங் துறை விளம்பரங்களுக்காக வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகள், விளக்கக் குறிப்பின் எழுத்து அளவு விளம்பரத்தில் சொல்லப்படும் செய்தியின் எழுத்து அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்கின்றன. அந்த நெறிமுறைகள் ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானவை. வீட்டில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கும் அதே அளவுகோல் பொருந்தாமல் போக எந்தக் காரணமும் இல்லை.

சேரும்போதே விண்ணப்பப் படிவத்தில் படத்தைப் பயன்படுத்தக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அது செல்லுமா?

மேலே சொன்ன இந்திய நெறிமுறைகளின்படி செல்லாது. மாணவர் வெற்றி பெற்ற பிறகு, எழுத்து மூலமாக, அதற்கென்றே தனியாக வாங்கிய சம்மதம் வேண்டும். காரணம் எளிது: சேரும் நாளில் படிவத்தை நீட்டும்போது, மறுத்தால் இடம் கிடைக்காதோ என்ற அச்சத்தில்தான் கையெழுத்து விழுகிறது; எந்த மதிப்பெண்ணுக்கு, எந்த வாசகத்துக்குச் சம்மதிக்கிறோம் என்பதும் அன்று தெரியாது. சட்டம் இப்படிச் சொல்லாத நாட்டில் இருந்தாலும் இந்த முறையையே பின்பற்றுங்கள்.

முடிவு வந்ததும் அச்சிடப்போகும் வடிவத்தை, படம், வாசகம், வகுப்பின் பெயர் எல்லாம் இருக்கும்படி, மாணவரிடம் காட்டுங்கள். பேனர், நோட்டீஸ், இணையம் ஆகிய மூன்றில் எதற்குச் சம்மதம், எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தனித்தனியே குறிக்கச் செய்யுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும், மாணவரின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். அப்பாவுக்குப் பெருமை, பிள்ளைக்குக் கூச்சம் என்ற நிலை மிகவும் சாதாரணம். அங்கே பிள்ளையின் பேச்சுக்கே மதிப்புக் கொடுங்கள். வேண்டாம் என்று பின்னர் சொன்னால் இணையத்திலிருந்து அன்றே எடுத்துவிடலாம். தோல்வியுற்றவர்களின் பெயரோ அடையாளமோ எந்த வடிவிலும் வெளியே வரக் கூடாது. பத்துப் பேர் மட்டும் படிக்கும் இடத்தில் ஒன்பது பேரின் படத்தைப் போட்டாலே பத்தாமவர் யார் என்று தெருவே அறிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் படங்களே வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

பக்கத்து சென்டர் "100 சதவீதம் உத்தரவாதம்" என்கிறார். நாங்கள் "53 பேரில் 47" என்று எழுதினால் யார் வருவார்கள்?

சிலர் அங்கே போவார்கள். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் சதவீதத்தோடு சதவீதத்தை மோதவிடும் போட்டியில் நீங்கள் இறங்க வேண்டியதில்லை. விசாரிக்க வரும் பெற்றோரிடம் எல்லா சென்டரிலும் கேட்கும்படி இரண்டு கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள்: சென்ற ஆண்டு இரண்டு மாதங்களுக்கு மேல் படித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் தேர்வெழுதினார்கள். உங்கள் நோட்டீஸில் அந்த இரண்டு எண்களும் ஏற்கெனவே இருக்கும். அவை இல்லாத 100 சதவீதம் எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோரே முடிவு செய்துகொள்வார்கள். நீங்கள் அந்த சென்டரின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமும் இராது.

உத்தரவாதம் என்ற சொல்லை எந்த வடிவிலும் தொடாதீர்கள். தேர்வெழுதப் போவது மாணவர், மதிப்பிடப் போவது வேறொருவர்; முடிவு உங்கள் கையில் இல்லை. சேர்க்கை உறுதி, வேலை உறுதி, தேர்ச்சி உறுதி போன்ற வாக்குறுதிகளை அந்த இந்திய நெறிமுறைகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன. உங்களால் உறுதி கொடுக்கக்கூடியவை வேறு: வாரத்தில் எத்தனை வகுப்பு, எத்தனை தேர்வு, விடைத்தாள் எத்தனை நாளில் திருத்தித் தரப்படும், இடையில் நின்றால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். இவற்றை எழுதுங்கள்.

ஒரு ஆண்டின் ரிசல்ட்டை எத்தனை காலம் போடலாம்? யாராவது ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவது?

ஆண்டைக் குறிப்பிட்டால் எத்தனை காலம் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகளின் முடிவும் பக்கத்தில் இருக்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு முந்தைய சிறந்த முடிவை ஆண்டு போடாமல் சுவரில் விட்டுவைத்தால், அது இந்த ஆண்டு முடிவு என்றே படிக்கப்படும். அந்த வகுப்பை நடத்திய ஆசிரியர் விலகியிருந்தால் அதையும் சொல்வதே முறை. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாறினால், கூடினாலும் குறைந்தாலும், விளம்பரத்தையும் மாற்றுங்கள். முடிவு வந்த அன்றே ஃபிளெக்ஸ் அடிக்கும் அவசரத்தில்தான் தவறான எண்கள் பெரும்பாலும் உள்ளே வருகின்றன, ஏனென்றால் மாணவர்கள் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறோம். மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல் எந்த எண்ணையும் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

ஆதாரத்தைப் பொறுத்தவரை, விளம்பரம் வெளியாகும் முன்பே அது கையில் இருக்க வேண்டும். யாராவது கேட்ட பிறகு தேடித் தொகுப்பது ஆகாது. பிரிட்டனின் விளம்பர விதிகளிலும் இதுவே நிபந்தனை. ஒரு ஆண்டுக்கு ஒரு கோப்பு போதும். அதில் வரம்பும் தேதியும் எழுதிய சேர்க்கைப் பதிவேட்டின் நகல், வருகைப் பதிவேடு, கட்டணச் சீட்டின் அடிக்கட்டை, ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண் பட்டியல் நகல், முடிவுக்குப் பின் வாங்கிய சம்மதக் கடிதம், அச்சிட்ட நோட்டீஸின் ஒரு பிரதி ஆகியவை இருக்கட்டும். முடிவு தெரியாதவர்களை எந்தெந்தத் தேதியில் தொடர்புகொள்ள முயன்றீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் ஒருவர் வந்து கேட்டால் மற்ற மாணவர்களின் பெயரை மறைத்துவிட்டு எண்ணிக்கைப் பக்கத்தைக் காட்டலாம்; அதிகாரி கேட்டால் கோப்பை முழுவதுமாகக் கொடுக்கலாம்.